170-ஆம் தடத்தின் முறை எப்போது வரும்?

ஆப்பரேட்டிங் சிஸ்டம் படிக்கும் மாணவர்கள் எழுதும் சிமுலேஷன்களில் டிஸ்க் ஷெட்யூலிங்குக்குத் தவறாமல் ஓர் இடம் உண்டு. ஹார்ட் டிஸ்க்கின் ஹெட் எந்தக் கோரிக்கையை முதலில் கவனிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. நாலைந்து முறைகளை எழுதி, ஒவ்வொன்றிலும் ஹெட் மொத்தம் எத்தனை தடம் நகர்ந்தது என்று கூட்டிப் பார்ப்பார்கள். குறைவாக நகர்ந்தது வென்றதாக முடிவாகும். பெரும்பாலும் வெல்வது 'கிட்டத்தில் இருப்பது முதலில்' என்னும் முறை. அந்த வெற்றியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் பளபளக்கும் தட்டுகள் தெரியும். மேசைக் கணினிகளில் அவை பொதுவாக நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். தகவல் வட்ட வட்டமான தடங்களில் பதிந்திருக்கும். ஒரு கையின் நுனியில் இருக்கும் ஹெட், உள்ளும் வெளியுமாக நகர்ந்து வேண்டிய தடத்துக்கு மேலே போய் நிற்கும். தகவல் இருக்கும் பகுதி சுழன்று தனக்குக் கீழே வரும்வரை அங்கேயே காத்திருக்கும். இப்படி நேரம் இரண்டு இடங்களில் செலவாகிறது: ஒன்று நகர்வதில், மற்றொன்று சுழற்சிக்காகக் காத்திருப்பதில்.

கிட்டத்தில் இருப்பது முதலில் என்ற முறையின் பெயரே அதன் விதி. ஹெட் இப்போது நிற்கும் இடத்துக்கு மிக அருகில் எந்தக் கோரிக்கை இருக்கிறதோ, அதற்குப் போகும். லிஃப்ட் முறை வேறு மாதிரி. அடுக்குமாடி லிஃப்ட் மேலே கிளம்பிவிட்டால், போகும் வழியில் அழைத்தவர்களையெல்லாம் ஏற்றி இறக்கி, கடைசி அழைப்பு வரை போய்த்தான் திரும்பும். ஹெட்டும் அப்படியே ஒரு திசையில் கடைசிக் கோரிக்கை வரை போய்விட்டு, பிறகு எதிர்த்திசையில் வரும்.

இரண்டையும் ஒரே வேலைக்கு விடுவோம். 200 தடங்கள் கொண்ட சிறிய டிஸ்க். ஹெட் 60-ஆம் தடத்தில் மேல்நோக்கி நிற்கிறது. வரிசையில் 55, 68, 75, 170 ஆகிய கோரிக்கைகள் காத்திருக்கின்றன. ஒரு கோரிக்கை முடிந்ததும் புதிதாக ஒன்று வந்து சேரும்: முதலில் 58, பிறகு 72, 62, 50, 66, 73 என்ற வரிசையில்.

கிட்ட முறையில் ஹெட் 55, 58, 68, 72, 75, 66, 62 என்று போகிறது. ஏழு கோரிக்கைகளுக்கு மொத்த நகர்வு 38 தடம்தான். லிஃப்ட் முறையில் 68, 75 முடிந்து நேராக 170-க்குப் போகிறது. அங்கிருந்து திரும்பி 72, 62, 58, 55. அதே ஏழு கோரிக்கைகளுக்கு நகர்வு 225 தடம். நகர்வை மட்டும் கூட்டினால், கிட்ட முறை ஏறக்குறைய ஆறு மடங்கு மேல்!

ஆனால் கிட்ட முறையின் பட்டியலில் 170 எங்கே? ஏழு வேலை முடிந்த பிறகும் அது வரிசையிலேயே நிற்கிறது. புதிய கோரிக்கைகள் இதே போல 50-க்கும் 75-க்கும் இடையிலேயே வந்துகொண்டிருந்தால், எட்டாவதும் அதுவல்ல, எண்பதாவதும் அதுவல்ல. இதைத்தான் பாடப்புத்தகங்கள் பட்டினி என்கின்றன. கோரிக்கைகளை மொத்தமாக முதலிலேயே கொடுத்துவிட்டு, புதிதாக எதுவும் வராமல் ஓட்டும் சிமுலேஷனில் இந்தப் பட்டினி கண்ணில் படவே படாது. பட்டியல் தீரும்போது 170-க்கும் எப்படியோ முறை வந்துவிடும். பயிற்சிக்காக எழுதப்படும் பல சிமுலேஷன்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அந்த ஆறு மடங்கையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஹெட் நகரும் நேரம் தூரத்துக்கு நேர்விகிதமாக ஏறுவதில்லை. கிளம்பி வேகமெடுக்கவும், தடத்தில் அசையாமல் நிலைகொள்ளவும், எவ்வளவு சிறிய தாவலானாலும் ஒரு குறைந்தபட்ச நேரம் பிடிக்கும். இதற்கு எளிய கணக்கு ஒன்று வைப்போம்: ஒவ்வொரு தாவலுக்கும் 1 மில்லிவினாடி, கடக்கும் ஒவ்வொரு தடத்துக்கும் 0.05 மில்லிவினாடி. 7,200 சுழற்சியில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி ஆகும் என்பதால், சராசரியாகப் பாதிச் சுற்று, அதாவது 4.2 மில்லிவினாடி, காத்திருப்பில் போகும். இந்தக் கணக்கில் ஏழு கோரிக்கைகளை முடிக்கக் கிட்ட முறைக்கு 38.3 மில்லிவினாடி, லிஃப்ட் முறைக்கு 47.7. ஆறு மடங்காகத் தெரிந்த இடைவெளி கால் மடங்காகச் சுருங்கிவிட்டது. தடங்களை எண்ணும் சிமுலேஷனை நேரத்தை எண்ணும்படி மாற்றினாலே முடிவின் நிறம் மாறிவிடுகிறது.

லிஃப்ட் முறைக்கும் விலை உண்டு. முதலிலிருந்தே பக்கத்தில் காத்திருந்த 55-ஐப் பாருங்கள். கிட்ட முறையில் அதன் வேலை 5.5 மில்லிவினாடியில் முடிந்தது. லிஃப்ட் முறையில் அது ஏழாவதாகப் போய் 47.7 மில்லிவினாடி காத்திருந்தது. இருந்தாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. 55-க்குத் தாமதமாகலாம், ஆனால் ஹெட் திரும்பி வரும்போது நிச்சயம் முறை வரும். லிஃப்ட் முறையில் 21 மில்லிவினாடியில் வேலை முடிந்த 170-க்குக் கிட்ட முறையில் எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆகவே சராசரியோடு நிறுத்தாமல், காத்திருப்பு நேரம் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதையும் அளக்க வேண்டும். டோபி டியோரி, டாட் பிங்கர்டன் என்ற இருவர் 1972-இல் ஐந்து முறைகளைக் கணிதத்தாலும் சிமுலேஷனாலும் ஒப்பிட்டபோது செய்தது இதைத்தான். காத்திருப்பு நேரத்தின் பரவற்படியைத் தனி அளவுகோலாக வைத்து, சில கோரிக்கைகள் மட்டும் ஓரங்கட்டப்படுகின்றனவா என்று பார்த்தார்கள். சுமையைப் பொறுத்து இரண்டு முறைகளுக்கிடையே மாறிக்கொள்ளும் யோசனையையும் அந்தக் கட்டுரை பேசுகிறது. சுமை முக்கியம் என்பது எளிதில் புரியும்: வரிசையில் எப்போதும் ஒரே கோரிக்கைதான் இருக்கிறது என்றால், எந்த முறையும் அதையேதான் எடுக்கும். சுமை குறைந்த நிலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு எல்லா முறையும் ஒன்றுதான் என்று முடிவுகட்டும் அபாயமும் இதனால் இருக்கிறது. வரும் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே, இரண்டு முறைகளுக்கும் துல்லியமாக ஒரே கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்து ஓட்டினால்தான் ஒப்பீடு நிற்கும்.

லிஃப்ட் முறையும் எல்லாத் தடங்களையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. நடுத்தடங்களை ஹெட் போகும்போதும் வரும்போதும் சீரான இடைவெளியில் கடக்கிறது. ஓரத்துத் தடத்தையோ திரும்பும் நேரத்தில் அடுத்தடுத்துக் கடந்துவிட்டு, நெடுநேரம் எட்டிப் பார்ப்பதில்லை. இதைச் சரிசெய்யத்தான் ஒரு திசையில் மட்டும் வேலை செய்து, முடிவில் ஒரே தாவலில் தொடக்கத்துக்கு வந்துவிடும் சுழல்முறை இருக்கிறது.

லினக்ஸ் எடுத்த வழி இன்னொன்று. அதன் 'டெட்லைன்' ஷெட்யூலர் கோரிக்கைகளை இட வரிசைப்படி அடுக்கி வைத்தாலும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு விதிக்கிறது. இயல்பாக, படிக்கும் கோரிக்கைக்கு அரை வினாடி, எழுதும் கோரிக்கைக்கு 5 வினாடி. கெடு தாண்டிய கோரிக்கை இருந்தால், இட வரிசையை ஒதுக்கிவிட்டு அதை முன்னுக்குக் கொண்டுவரும். நம் 170-க்கு அங்கே ஒரு காவல் இருக்கிறது. லினக்ஸ் கணினியில் எந்த ஷெட்யூலர் ஓடுகிறது என்று பார்க்க, முதல் டிஸ்க்கின் பெயர் வழக்கம்போல sda என்றால், இந்த ஒரு வரி போதும்:

```
cat /sys/block/sda/queue/scheduler
```

சதுர அடைப்புக்குள் வருவது நடப்பில் இருப்பது. பல கணினிகளில் அங்கே `mq-deadline` இருக்கும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி உள்ள கணினியில் sda-வுக்குப் பதில் `nvme0n1` என்று கொடுத்தால், பெரும்பாலும் `none` என்று வரும். அங்கே நகர்வதற்கு ஹெட்டே கிடையாது.