தடுப்புக்குப் பின்னால் இருக்கும் கடைக்கு வாடகைச் சலுகை

சென்னை ஆற்காடு சாலையில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்காக நடுவில் தகரத் தடுப்பு வைத்ததும், பல கடைகளுக்கு முன்னால் வண்டி நிறுத்த இடமில்லாமல் போனது. வழக்கமாக வந்தவர்கள்கூட அடுத்த தெருவுக்குத் திரும்பினார்கள். வியாபாரம் குறைந்தாலும் மாதம் பிறந்தால் வாடகை கொடுத்தாக வேண்டும்.

சட்டம் இதில் வாடகைதாரருக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, தீ, வெள்ளம் போன்றவற்றால் கட்டடம் நிரந்தரமாகப் பயன்படாமல் போனால்தான் குத்தகையிலிருந்து விலகலாம். கொரோனா ஊரடங்கின்போது டெல்லி கான் மார்க்கெட் கடைக்காரர் ஒருவர் வாடகையை நிறுத்திவைக்கக் கேட்டதை 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே வாடகையை நிறுத்திவிட்டுப் பிறகு பேசலாம் என்று இருப்பது ஆபத்து. பாக்கி சேர்ந்தால் அதுவே காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். பாக்கி விழும் முன்பே கடிதம் போக வேண்டும்.

உதாரணத்துக்கு, மாதம் 30,000 ரூபாய் வாடகை கொடுக்கும் ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 6,000 ரூபாயாக இருந்த விற்பனை, தடுப்பு வந்தபின் 3,500க்கு இறங்கிவிட்டது. "வியாபாரமே இல்லை சார்" என்று எழுதினால் உரிமையாளர் நம்பாமல் போகலாம். தடுப்பு வைத்த தேதி, கடைவாசலின் புகைப்படம், அதற்கு முந்தைய மூன்று மாத விற்பனை, பிந்தைய மூன்று மாத விற்பனை ஆகியவற்றை இணைத்தால் பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

கேட்பதையும் அளவோடு கேட்க வேண்டும். உரிமையாளருக்கும் வங்கித் தவணை இருக்கலாம். ஓய்வுபெற்றவருக்கு அந்த வாடகையே மாத வருமானமாக இருக்கலாம். நம் துணிக்கடைக்காரர் இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வரும் ஆறு மாதங்களுக்கு வாடகையில் 20,000 ரூபாயைத் தவறாமல் 5ஆம் தேதிக்குள் செலுத்திவிடுகிறேன். குறையும் 60,000 ரூபாயில் பாதியைத் தள்ளுபடி செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். மீதி 30,000 ரூபாயை ஏழாம் மாதம் முதல் மாதம் 3,000 வீதம் பத்துத் தவணையில் வாடகையோடு சேர்த்துத் தருகிறேன். ஒப்பந்தத்தின் மற்ற நிபந்தனைகள் அப்படியே தொடரும்."

இதில் தள்ளுபடி எவ்வளவு, தள்ளிவைப்பது எவ்வளவு என்பது தனித்தனியாக நிற்கிறது. "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டு, அவரும் சரி என்று தலையாட்டினால், பின்னாளில் சண்டை வருவது இந்த இடத்தில்தான். குறைத்துக்கொண்டதாக வாடகைதாரர் நினைத்திருப்பார். பாக்கியாக உரிமையாளர் எழுதிவைத்திருப்பார். காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் கழித்துவிடுவார்.

அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வதும் ஒரு வழிதான். ஆனால் பணி முடிந்ததும் அதை மறுபடி நிரப்பச் சொல்வார்கள் என்பதால், எப்போது நிரப்புவது என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

பணி ஆறு மாதத்தில் முடியாமலும் போகலாம். அப்படியானால் மறுபடி பேசலாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். உரிமையாளர் ஒப்புக்கொண்டதும் கடித நகலில் அவர் கையெழுத்தை வாங்கி, வாடகை ஒப்பந்தத்தோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.