நன்றி சொல்லும் அரை நிமிடம்

செமினாரை நன்றாகவே பேசிய மாணவி, கடைசி ஸ்லைடு வந்ததும் "இவ்வரிய வாய்ப்பை நல்கிய..." என்று குரல் மாறி ஒப்பிப்பார். வேகம் கூடும், கண் மேலே போகும். மனப்பாடம் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். வாக்கியத்தை உருப்போடாமல், யார் என்ன செய்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கிணற்று நீரின் உப்புத்தன்மை பற்றிய செமினாரை இப்படி முடிக்கலாம்:

"கோடையிலும் ஒருமுறை தண்ணீர் எடுத்துப் பாருங்கள் என்று மேடம் சொன்னதால்தான் இந்த வித்தியாசம் தெரிந்தது. நன்றி மேடம். பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்த என் ரூம்மேட்டுக்கும் நன்றி. உங்கள் ஊர்க் கிணற்றிலும் உப்புக் கரித்தால் சொல்லுங்கள், பேசலாம்."

முதல்வரில் தொடங்கும் பெயர் வரிசை விழா மேடைக்கு உரியது, வகுப்பறைக்கு வேண்டாம். சொல்லி முடித்ததும் உடனே உட்காராமல், ஐந்து நொடி நின்று முகங்களைப் பாருங்கள். முதல் கை உயர அவ்வளவு நேரமாவது ஆகும்.