லேகியமும் திரவம்தான்

மகளின் பிள்ளைப்பேறு பார்க்கச் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறும் அம்மாவின் கைப்பையில், 2006 ஆகஸ்டுக்கு முன்பு, இல்லாத சாமான் கிடையாது. தண்ணீர் பாட்டில், தேங்காய் எண்ணெய், பெரிய பற்பசை, பிரசவ லேகியம் அடைத்த எவர்சில்வர் டப்பா எல்லாம் காலடியிலேயே இருக்கும். பெட்டிக்குள் எண்ணெய் கொட்டினால் பட்டுப்புடவை பாழாகிவிடும் என்பதுதான் அன்றைய ஒரே கணக்கு. 2001-க்குப் பிறகு கத்தரிக்கோலையும் கத்தியையும் பிடுங்கினார்கள். அப்போதும் எண்ணெய்ப் பாட்டிலை யாரும் கேட்கவில்லை.

2006 ஆகஸ்ட் 10 அன்று நிலைமை தலைகீழானது. குளிர்பானப் பாட்டில்களில் திரவ வெடிபொருளை எடுத்துப்போய் அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கப் போட்ட சதியை பிரிட்டன் போலீஸ் முறியடித்தது. அன்று அங்கே பயணிகள் பாஸ்போர்ட்டையும் பர்ஸையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஏறினார்கள். குழந்தைக்கான பாலைக்கூடப் பெற்றவர் அதிகாரி முன் குடித்துக் காட்டவேண்டியிருந்தது. சில மாதங்களில் தடை தளர்ந்து, இன்று நாம் அறிந்த அளவு வந்தது: ஒரு பாட்டிலுக்கு 100 மி.லி., எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும், மூடித் திறக்கக்கூடிய, உள்ளே இருப்பது தெரியும் ஒரே ஒரு பை. 2007-இல் அது உலகெங்கும் பரவியது.

இன்று அதே அம்மா கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோய் உண்டு, இன்சுலின் பேனா போட்டுக்கொள்பவர். 200 மி.லி. பாட்டிலில் கால்வாசி எண்ணெய்தானே இருக்கிறது என்று அவர் சொன்னால் எடுபடாது. உள்ளே இருப்பதை யாரும் அளப்பதில்லை, பாட்டிலில் அச்சிட்ட அளவுதான் பேசும். லேகியம், பற்பசை, தைலம், முகக்கிரீம் எல்லாமே கணக்கில் திரவம்தான். சோப்புக்கட்டியும், வசம்பு ஜாதிக்காய் முதலான உரைமருந்துச் சரக்கும் திரவமல்ல. ஷாம்புக்கு சாஷே போதும். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்தபோது இந்தச் சோதனையை நினைத்திருக்க மாட்டார். ஆனால் இந்தச் சோதனைக்கு அதைவிடப் பொருத்தமான பொட்டலம் இல்லை.

லேகிய டப்பாவும் எண்ணெயும் பெட்டிக்குப் போகட்டும். எண்ணெய்ப் பாட்டிலைத் தலைவரை நிரப்பாமல் லேசாக அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடவேண்டும். மேலே போகும்போது காற்றழுத்தம் குறைந்து, உள்ளே இருக்கும் காற்று விரிந்து எண்ணெயைத் தள்ளும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு கவருக்குள் கட்டினால் புடவை பிழைக்கும்.

மருந்துக்கு மட்டும் இந்தக் கணக்கு நேர்மாறு. திரவமாக இருந்தாலும் அது கைப்பையில்தான் இருக்கவேண்டும். பெட்டி இரண்டு நாள் கழித்து வந்தால் புடவை காத்திருக்கும், இன்சுலின் காத்திருக்காது. சரக்கு வைக்கும் பகுதியில் குளிர் அதிகமானால் இன்சுலின் உறையவும் வாய்ப்புண்டு. உறைந்து உருகிய இன்சுலினின் வீரியத்தை நம்ப முடியாது, பார்த்தால் தெளிவாகவே இருந்தாலும்கூட. அதனால் குளிர்ப் பொதியையும் நேராக அதன்மேல் வைக்காமல் ஒரு துணியைச் சுற்றி வைக்கவேண்டும்.

பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு 100 மி.லி. வரம்பில் விலக்கு உண்டு. ஆனால் சோதனை மேசையில் கேட்கும்வரை காத்திராமல் தனியே எடுத்து வைத்து, மருத்துவச் சீட்டோடு காட்டவேண்டும். சிலர் இருமல் சிரப்பைச் சின்னப் பாட்டிலில் ஊற்றிக்கொள்கிறார்கள். ஷாம்புவுக்கு அது சரி, மருந்துக்கு வேண்டாம். லேபிள் போனால் அது மருந்து என்பதற்கே சாட்சியில்லை. மாத்திரைகளும் அட்டையோடு இருப்பது நல்லது. சீட்டில் டாக்டரைக் கடைப்பெயரோடு மூலப்பெயரையும் எழுதச் சொல்லுங்கள். நம் ஊர்க் கடைப்பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. கோடீன் கலந்த சிரப், சில தூக்கமாத்திரைகள் போன்றவை சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. அவற்றுக்கு அந்நாட்டு அனுமதியைக் கிளம்புமுன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலம் மறுபடி மாறுகிறது. பையைப் பல கோணங்களில் படம்பிடிக்கும் புதிய ஸ்கேனர்கள் வந்த பிறகு, லண்டன் சிட்டி விமான நிலையம் 2023-இல் இரண்டு லிட்டர் வரை விட்டது. 2024-இல் பிரிட்டனின் சில நிலையங்களும் ஐரோப்பிய ஒன்றியமும் மீண்டும் 100 மி.லி.க்குத் திரும்பின. ஆகவே செய்தியைப் படித்துவிட்டுப் பெரிய பாட்டிலைக் கைப்பையில் போடாதீர்கள். போகும்போது ஒன்று, நடுவில் மாறும் ஊரில் ஒன்று, திரும்பும்போது ஒன்று என்று வெவ்வேறு அளவு இருக்கலாம். அதில் எது குறைவோ அதற்குத்தான் பை கட்டவேண்டும்.