செயின் வட்டத்தில் ஓடுவதில்லை

பழைய மாடல் சைக்கிளின் பின்சக்கர அச்சு உட்காரும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அது வட்டமான துளை அல்ல, நீண்ட காடி. நட்டைத் தளர்த்தினால் சக்கரத்தை முன்னும் பின்னும் சில மில்லிமீட்டர் நகர்த்தலாம். தொய்ந்த செயினை இறுக்குவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைப்போம். அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், அதே செயினைக் கணினியில் வரைய உட்கார்ந்தால் தெரியும்.

கணினியில் செயினை யாரும் கண்ணி கண்ணியாக வரைவதில்லை. ஒரு கண்ணியைச் சரியாக வரைந்துவிட்டு, இரண்டு பல்சக்கரங்களையும் சுற்றிப் போகும் பாதையைக் கோடாகப் போட்டு, ‘இந்தப் பாதை நெடுக இதை அடுக்கு’ என்று மென்பொருளிடம் சொல்லிவிடுவார்கள். நொடியில் முழுச் செயினும் திரையில் வந்து நிற்கும். தள்ளி நின்று பார்த்தால் அழகாக இருக்கும். பின்சக்கரப் பற்களை நெருங்கிப் பார்த்தால் ரோலர் பல்லின் உடம்புக்குள் புதைந்திருக்கும். எங்கே பிசகியது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சாதாரண சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். பெடல் பக்கச் சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் ஃப்ரீவீலில் 18 பற்கள். ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரை 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். இதைத்தான் பிட்ச் என்கிறார்கள். பின்னின் மேல் சுழலும் ரோலரின் விட்டம் 7.75 மி.மீ. சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் செய்த ஹான்ஸ் ரெனால்டு 1880-இல் உருவாக்கிய புஷ்-ரோலர் செயினின் வழித்தோன்றல்தான் இது. அளவு இன்னும் அங்குலத்தில் நிற்பதற்கு அந்தப் பிறப்பிடமும் ஒரு காரணம்.

முதல் கேள்வி: பின்கள் உட்காரும் வட்டம் எவ்வளவு பெரியது? 18 பல், பல்லுக்கு 12.7 என்றால் சுற்றளவு 228.6; அதை π-யால் வகுத்தால் விட்டம் வந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேயே முதல் தவறு நேர்கிறது. கண்ணி என்பது இரும்புத் தகடு, வளையாது. இரண்டு பின்களுக்கும் இடையில் நேர்கோடாகத்தான் நிற்கும். ஆகவே 18 பல் சக்கரத்தில் செயின் முழுச் சுற்றும் சுற்றினால் அது வட்டமாக அல்ல, 18 பக்கப் பலகோணமாகப் படியும். பின்கள் அந்தப் பலகோணத்தின் மூலைகள். மூலைகள் வழியே போகும் வட்டத்தின் விட்டத்துக்குச் சூத்திரம் இது:

```
D = p / sin(180° / N)
```

இதில் p பிட்ச், N பற்களின் எண்ணிக்கை. 18 பல்லுக்கு 73.14 மி.மீ., 44 பல்லுக்கு 178.02 மி.மீ. வருகிறது. சிறிய வட்டத்தின் சுற்றளவு இப்போது 229.76. பலகோணத்தின் சுற்றளவோ 228.6. வில்லுக்கும் நாணுக்கும் உள்ள இந்த 1.16 மி.மீ. வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தொல்லை தரப் போவது இதுதான்.

அடுத்து, இரண்டு அச்சுகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் விடுவது? 18 அங்குலம், அதாவது 457.2 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால் செயினுக்கு ஏறத்தாழ 103.48 பிட்ச் தேவைப்படுகிறது. அரையும் காலுமாகக் கண்ணி கிடையாது. 103 என்றும் குறைக்க முடியாது. செயினில் உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வரும். ஒற்றைப்படையாக இருந்தால் கடைசியில் ஒரே இனத்துக் கண்ணிகள் இரண்டு எதிரெதிரே வந்து நிற்கும், இணைக்க முடியாது. ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருக்கும் தனி வகை ஒற்றைக் கண்ணி கிடைக்கிறது என்றாலும், தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே வழக்கம். எனவே 104. அதை நிலையாக வைத்துத் தூரத்தைத் திருப்பிக் கணக்கிட்டால் 460.55 மி.மீ. அச்சை 3.35 மி.மீ. பின்னுக்கு இழுக்க வேண்டும். காடி எதற்கு என்பதன் மீதிக் காரணம் இதுதான். கண்ணிகளின் எண்ணிக்கை முழு எண்ணாகத்தான் இருக்கும், சட்டத்தின் நீளம் அப்படி இருக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவே சமாதானம் செய்துவைப்பது அந்தக் காடி. வரைபடத்திலும் அச்சுத் தூரத்தை மாற்றக்கூடிய அளவாகவே வைத்திருக்க வேண்டும்.

இப்போது பாதையைப் போடுவோம். இரண்டு வட்டங்கள், அவற்றைத் தொட்டுச் செல்லும் இரண்டு தொடுகோடுகள். மேலும் கீழும் நேர்ப்பகுதி தலா 457.55 மி.மீ.; பெரிய சக்கரத்தைச் சுற்றிய வில் 299.95, சிறியதைச் சுற்றியது 106.54. கூட்டினால் சுமார் 1321.6 மி.மீ. ஆனால் 104 கண்ணிகளின் நீளம் 1320.8 தான். 0.8 மி.மீ. எங்கிருந்து வந்தது? வில்லுக்கும் நாணுக்கும் உள்ள அந்த வித்தியாசம்தான். சிறிய சக்கரத்தில் செயின் பாதிச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுவதால் 0.54, பெரியதில் 0.25.

பாதையை நூல் வைத்து அளப்பதுபோல் அளந்து, 12.7-க்கு ஒரு முடிச்சு என்று கண்ணியை வைக்கும் கருவிகள் இங்கேதான் சறுக்குகின்றன. FreeCAD மென்பொருளின் `PathArray` அப்படிப்பட்டது. 104 கண்ணிகளை அடுக்கிய பிறகு தலையும் வாலும் சேராமல் 0.8 மி.மீ. இடைவெளி நிற்கும். பலரும் செய்யும் வைத்தியம், இடைவெளியை 12.7077 என்று நீட்டி எல்லாக் கண்ணிக்கும் பங்கு போடுவது. செயின் மூடிக்கொள்ளும், பார்ப்பவருக்கும் குறை தெரியாது. ஆனால் நோய் இடம் மாறியிருக்கிறதே தவிரத் தீரவில்லை. ஃப்ரீவீலில் ஒரு பல்லிடுக்கிலிருந்து அடுத்த பல்லிடுக்குக்கு வில் வழியே 12.765 மி.மீ.; கண்ணிகளோ 12.708-இல் அடியெடுத்து வைக்கின்றன. முதல் ரோலர் இடுக்கில் கச்சிதமாக உட்கார்ந்தால் எட்டு பல் தாண்டியதும் அடுத்தது கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் பிந்தியிருக்கும். இடுக்கில் ரோலருக்கு விட்டிருக்கும் இடமோ பக்கத்துக்கு 0.04 மி.மீ. மட்டும்தான். ரோலர் பல்லுக்குள் புதைந்தது இதனால்தான்.

சரியான வழி பள்ளிக்கூட ஜியாமெட்ரிப் பெட்டியிலேயே இருக்கிறது. நூலை விட்டுவிட்டுக் கவராயத்தை எடுங்கள். ஒரு பின்னில் முள்ளை ஊன்றி, 12.7 ஆரத்தில் வட்டம் போட்டால், அது பாதையை முன்பக்கமாக வெட்டும் இடம்தான் அடுத்த பின். அங்கே ஊன்றி அடுத்தது. நேர்ப்பகுதியில் இது நூலளவோடு ஒத்துப்போகும். வளைவில் தானாகவே நாண் வழியே தாண்டும். கண்ணியை வைக்கும்போதும் அதன் இரண்டு பின்களும் பாதையில் இருக்கவேண்டும். நடுப்பகுதியைப் பாதையில் வைத்துத் தொடுகோட்டுத் திசைக்குத் திருப்பினால், சிறிய சக்கரத்தில் பின்கள் வட்டத்துக்கு வெளியே 0.55 மி.மீ. துருத்திக்கொள்ளும். SolidWorks-இல் `Chain Component Pattern` என்ற கட்டளைக்குள் `Connected Linkage` என்றொரு தேர்வு உண்டு. அது கண்ணியின் இரு முனைகளையும் பாதையில் பிடித்துக்கொண்டு, ஒன்றின் வாலில் அடுத்ததன் தலையைக் கோக்கிறது. கவராயம் செய்யும் அதே வேலை. வளைவும் நேர்கோடும் சந்திக்கும் நான்கு இடங்களால் கடைசியில் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மிஞ்சலாம். அச்சுத் தூரத்தை அந்த அளவுக்குத் தட்டிவிட்டால் செயின் மூடிக்கொள்ளும்.

பற்களையும் அதே பின்களிலிருந்துதான் வரைய வேண்டும். கியர் சக்கரத்துக்கு உள்ள பல் வடிவத்தை இங்கே கொண்டுவந்து பொருத்துவது பொதுவான தவறு. கியரில் பல்லோடு பல் உரசி உருளும். இங்கே ரோலர் குழியில் உட்கார்ந்து எழுகிறது. ஆகவே முதலில் குழி. பின் இருக்கும் புள்ளியை மையமாக வைத்து, ரோலர் விட்டத்தின் 0.505 மடங்கு, அதாவது 3.91 மி.மீ. ஆரத்தில் ஒரு வில் போடுங்கள். அடுத்து பல்லின் பக்கவாட்டு. கண்ணி சக்கரத்தை விட்டு விலகும்போது, இன்னும் குழியில் இருக்கும் பக்கத்துப் பின்னைச் சுழல்மையமாகக் கொண்டு 12.7 ஆரத்தில் வீசி எழும்பும். அந்த வீச்சுக்குப் பல் வழிவிட வேண்டும். எனவே பக்கத்துப் பின்னை மையமாக வைத்து 12.7-இல் 3.91 போக 8.79 மி.மீ. ஆரத்தில் இன்னொரு வில். இரண்டு பக்கமும் இப்படிப் போட்டால் கூரான பல் கிடைக்கும். அதன் உச்சியை 79.65 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் வெட்டிவிட்டு, ஓர் இடுக்கை மட்டும் சக்கரத்தைச் சுற்றி 18 முறை அடுக்கினால் போதும். தொழிற்சாலைத் தரநிலைகளில் உள்ள பல் இன்னும் சில வளைவுகள் கூடியது என்றாலும், பொருந்துகிறதா என்று பார்க்க இது போதுமானது. கடைசியாக, ஒரு குழி நேராக ஒரு பின்னின் கீழ் வரும்வரை சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்கள். ஒன்று பொருந்தினால் மற்றவையும் பொருந்த வேண்டும்.

பொருந்தியதா என்பதற்கு, செயின் மூடிக்கொண்டது சாட்சியாகாது. சிறிய சக்கரத்தில் செயின் ஏறும் முதல் பல்லையும் இறங்கும் கடைசிப் பல்லையும் நெருங்கிப் பாருங்கள். இரண்டிலும் ரோலர் குழியின் நடுவில் இருந்தால் வேலை முடிந்தது. முதலில் நடுவிலும் கடைசியில் ஒருபக்கமாகவும் இருந்தால் எங்கோ நூல் கொண்டு அளந்திருக்கிறீர்கள்.

சைக்கிள் கடைக்காரர் செய்யும் சோதனையும் இதேதான். பெடல் சக்கரத்தின் முன்பக்கத்தில் செயினை விரலால் பிடித்து இழுத்துப் பார்ப்பார். புதுச் செயின் அசையாது. தேய்ந்த செயின் பல்லைவிட்டு விலகி வெளிச்சம் காட்டும். தகடு நீண்டுவிடுவதில்லை, பின்னும் புஷ்ஷும் தேய்ந்து பிட்ச் கூடிவிடுகிறது. 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் மாற்றிவிடச் சொல்வார்கள். அது அரை சதவீதம். திரையில் நாம் பங்கு போட்டு மறைத்த பிசகும் பல்லுக்குப் பல் கிட்டத்தட்ட அதே அளவுதான். அங்கே செயினின் அடி பல்லைவிட நீளம், நம் படத்தில் குட்டை. பல்லுக்கு இரண்டுமே ஒன்றுதான்.