போனவர் முகவரியில் பேசுவது யார்?

வேலையை விட்டுப் போகிறவரோடு அவருடைய அலுவலக மின்னஞ்சல் முகவரி போய்விடுவதில்லை. விசிட்டிங் கார்டு, பழைய பில், வாடிக்கையாளரின் செல்போன் என்று பல இடங்களில் அது தங்கிவிடுகிறது. கடிதங்களும் வந்துகொண்டே இருக்கும். தானாகப் போகும் பதில் ஒன்றை வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். பலரும் விடுப்புக்கு எழுதியதையே கொஞ்சம் திருத்தி, "நான் இப்போது இங்கே இல்லை, என் சொந்த முகவரிக்கு எழுதுங்கள்" என்று போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

விடுப்பில் போனவர் திரும்பி வந்து கடிதங்களைப் படிப்பார். விலகியவர் படிக்கப்போவதில்லை. அதனால் இந்தப் பதிலில் "நான்" என்று பேச ஆள் இல்லை. பேச வேண்டியது நிறுவனம்தான்.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனம். கொள்முதல் பிரிவில் இருந்த சுமதி மார்ச் 31-ஆம் தேதியோடு விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சரக்கு அனுப்பிவந்த ஒரு வியாபாரி, பாக்கித் தொகை கேட்டு ஏப்ரல் 6 அன்று எழுதுகிறார். அவருக்குப் போக வேண்டிய பதில் இவ்வளவுதான்:

"சுமதி இப்போது எங்கள் நிறுவனத்தில் பணியில் இல்லை. இந்த முகவரிக்கு வரும் கடிதங்களை யாரும் படிப்பதில்லை. கொள்முதல், பில் தொடர்பான கடிதங்களைத் தயவுசெய்து purchase@example.com முகவரிக்கு மீண்டும் அனுப்பவும். இந்த முகவரி ஏப்ரல் 30-க்குப் பிறகு இயங்காது."

இதில் உயிரான வரி இரண்டாவதுதான். அது இல்லாவிட்டால், கடிதம் எப்படியும் உரியவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று வியாபாரி காத்திருப்பார். கடிதங்களை உண்மையிலேயே வேறு ஒருவர் பார்க்கிறார் என்றால், அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். சுமதியின் சிநேகிதி வீட்டு விஷயம் எதையாவது அந்த முகவரிக்கு எழுதியிருக்கலாம். ஒருவரின் பெயரைக் கொடுக்காமல் பிரிவின் பொது முகவரியைக் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. சுமதியின் இடத்துக்கு வந்தவரும் நாளை போகலாம்.

ஏன் விலகினார், எங்கே சேர்ந்தார், புதிதாக வந்தவரின் செல்போன் எண் எது என்பதெல்லாம் வேண்டாம். இந்தப் பதில் யார் எழுதினாலும் போகும். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று போலி பில் அனுப்புகிறவருக்கு, பழைய ஆள் போய்ப் புதிய ஆள் வந்திருக்கிறார் என்ற தகவலே நல்ல தீனி. அவுட்லுக்கில் நிறுவனத்துக்குள் எழுதுபவர்களுக்கு ஒரு பதில், வெளியாட்களுக்கு ஒரு பதில் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. விவரங்களை உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும் வெளி முகவரி ஒன்றிலிருந்து கடிதம் அனுப்பிச் சோதித்துப் பாருங்கள். இரண்டாம் முறை அனுப்பிப் பதில் வராவிட்டால் பழுது என்று பதற வேண்டாம். அவுட்லுக் ஒருவருக்கு ஒரு முறைதான் பதில் அனுப்பும். ஜிமெயில், அதே ஆள் மறுபடி எழுதினால், நான்கு நாள் கழிந்த பிறகே இன்னொரு பதிலை அனுப்பும். மடல் குழுக்களிலிருந்து வருபவற்றுக்கு ஜிமெயில் பதிலே அனுப்பாது. இணையதளப் பெயரைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு மாதிரி இயந்திரம் அனுப்பும் கடிதங்களைப் பதில் போனாலும் படிக்க அந்தப் பக்கம் ஆள் இல்லை. சுமதியின் முகவரியில் பதிந்த அத்தகைய கணக்குகளை அவர் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும்.

எல்லாம் சரியாக எழுதியும் பதில் போகாமல் இருப்பதற்கு முக்கியமான காரணம், ஐ.டி. பிரிவின் சுறுசுறுப்பு! கடைசி நாள் மாலையே கணக்கை முடக்கிவிடுகிறார்கள். கூகுள் ஒர்க்ஸ்பேஸில் கணக்கு முடக்கப்பட்டால் தானியங்கிப் பதிலும் அதோடு நின்றுவிடும். எழுதியவருக்குக் கடிதம் திரும்பி வரும். அங்கே கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டுக் கணக்கை விட்டுவைக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365-இல் அந்தப் பெட்டியைப் பொதுப் பெட்டியாக மாற்றிக்கொள்ளலாம். 50 ஜிபி வரை அதற்குத் தனி உரிமக் கட்டணம் இல்லை, பதிலும் போய்க்கொண்டிருக்கும். கடவுச்சொல் தெரியாமலேயே பதிலை எழுதவும் நிர்வாகியால் முடியும். ஆகவே சுமதி மறந்துவிட்டுப் போயிருந்தாலும் கவலையில்லை.

எத்தனை நாள் வைத்திருப்பது? விலகிப்போன நிர்வாக இயக்குநர் ஒருவரின் முகவரியை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மூடாமல் வைத்திருந்த நிறுவனத்துக்கு, பெல்ஜியத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் 15,000 யூரோ அபராதம் விதித்தது. தானியங்கிப் பதில் பொதுவாக ஒரு மாதம் இருக்கலாம், பொறுப்பைப் பொறுத்து மூன்று மாதம் வரை நீட்டலாம் என்பது அதன் கருத்து. நம் ஊர் அலுவலகங்களுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். பிறகு முகவரியை மூடிவிடலாம். அப்படி ஒரு முகவரி இல்லை என்று எழுதுபவருக்கு மின்னஞ்சல் சர்வரே சொல்லிவிடும்.