வாந்தி எடுக்க வைக்காதீர்கள்

வெள்ளிக்கிழமை காலை, வீடு கழுவும் நேரம். மூன்று சக்கர வண்டியில் பினாயில் விற்பவரிடம் வாங்கிய டாய்லெட் ஆசிட், பழைய தண்ணீர் பாட்டில் ஒன்றில் குளியலறை வாசல்படியில் இருக்கிறது. அம்மா வாளியை எடுக்கத் திரும்புகிறார். இரண்டு வயதுக் குழந்தை பாட்டிலைத் தூக்கி ஒரு வாய் குடித்துவிடுகிறது. அடுத்த நொடி இருமல், பிறகு வீறிட்ட அலறல். பாட்டி ஓடி வந்து, "உப்பைக் கரைச்சு ஊத்து, கக்கினா எல்லாம் வெளிய வந்துடும்" என்கிறார்.

இப்படி நடக்காத ஊர் இல்லை. பாட்டி சொல்வதில் அன்பு இருக்கிறது. உள்ளே போன விஷம் வெளியே வரட்டும் என்பது கேட்கவும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஆசிட் குடித்த குழந்தைக்கு அதைவிடக் கெடுதலான வைத்தியம் வேறு கிடையாது.

மற்ற பல விஷங்கள் ரத்தத்தில் கலந்த பிறகுதான் வேலையைக் காட்டும். டாய்லெட் ஆசிட் அப்படிக் காத்திருப்பதில்லை. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பட்ட இடத்தைப் பட்ட நொடியிலேயே சுடுகிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய் வழியாக இறங்கும்போதே காயம் தொடங்கிவிடுகிறது. வாந்தி எடுக்க வைத்தால் அதே அமிலம் அதே வழியாகத் திரும்பி வருகிறது. ஏற்கெனவே வெந்துபோன சவ்வு இரண்டாம் முறை வேகிறது. குமட்டும்போது வயிறு இறுகிக் கொடுக்கும் அழுத்தத்தில் நைந்த சுவர் கிழிந்துபோகவும் கூடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. அழுதுகொண்டே வாந்தி எடுக்கும் குழந்தை மூச்சை உள்ளிழுக்கும்போது, அமிலம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். அதுவரை உணவுக்குழாயோடு நின்ற காயம் அதன் பிறகு நுரையீரலுக்கும் வந்துவிடும்.

உப்புத் தண்ணீர் தன்னளவிலேயே ஆபத்தானது. சிறு குழந்தையின் உடலில் உப்பு திடீரென ஏறினால் வலிப்பு வரும், உயிரும் போகலாம். புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர், தொண்டைக்குள் விரலை விடுவது எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும்.

அமிலத்தை முறிக்கச் சோடா உப்பு, காரத்தை முறிக்க எலுமிச்சைச் சாறு என்று பள்ளியில் படித்த வேதியியலை நினைவுகூர்பவர்களும் உண்டு. சோதனைக் குழாயில் அது சரி. குழந்தையின் வயிற்றில் அந்த வினை வெப்பத்தைக் கிளப்பும். சோடா உப்பு வாயுவையும் கிளப்பி, புண்பட்ட இரைப்பையை ஊதச் செய்யும். சாக்கடை அடைப்பு நீக்கும் பொடிகளில் இருக்கும் காஸ்டிக் சோடா அமிலத்துக்கு நேரெதிரான காரம். அது திசுவைக் கரைத்துக்கொண்டே ஆழமாக இறங்கும். அமிலமோ காரமோ, வீட்டில் செய்ய வேண்டிய முதலுதவி ஒன்றுதான்.

அந்த அம்மா செய்ய வேண்டியது இது. பாட்டிலைப் பிடுங்கித் தள்ளி வைத்துவிட்டு, குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். கொப்பளித்துத் துப்பத் தெரிந்த குழந்தை என்றால் சாதாரணத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லலாம். இரண்டு வயதில் அது முடியாது. சுத்தமான ஈரத்துணியால் உதடு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றை மெல்லத் துடைத்துவிட்டால் போதும். விரல் தொண்டைப் பக்கம் போகக் கூடாது. சட்டையில் சிந்தியிருந்தால் உடனே கழற்ற வேண்டும், ஏனென்றால் நனைந்த துணி தோலைச் சுட்டுக்கொண்டே இருக்கும். கண்ணிலோ தோலிலோ பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவ வேண்டும். மூச்சுவிடச் சிரமப்படும் குழந்தைக்கு மட்டும் இதற்காகக் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

இதற்கிடையிலேயே வீட்டில் இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தேசிய நச்சுத் தகவல் மையம் இரவு பகலாக இயங்குகிறது. அதன் கட்டணமில்லா எண் 1800 116 117. குழந்தையின் வயது, குடித்த பொருள், ஏறத்தாழ எவ்வளவு, எப்போது என்று சொன்னால் அடுத்து என்ன செய்வதென்று வழிகாட்டுவார்கள்.

பால் கொடுக்கலாமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நீங்களாகக் கொடுக்காதீர்கள். நினைவோடு, வாந்தியில்லாமல், சிரமமின்றி விழுங்கும் குழந்தைக்கு ஓரிரு மடக்குத் தண்ணீரோ பாலோ கொடுக்கும்படி மையத்து மருத்துவர் சொன்னால், அந்த அளவுக்கு மட்டும் கொடுங்கள். டம்ளர் டம்ளராக ஊற்றினால் வயிறு நிறைந்து தானாகவே வாந்தி வந்துவிடும். எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே நடக்கும். குழந்தை தானாக வாந்தி எடுத்தால் முன்பக்கம் குனியப் பிடியுங்கள். மயங்கினால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த பாட்டிலை மூடி, நிமிர்த்தி, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அமிலமா காரமா என்று மருத்துவர் தெரிந்துகொள்ள அதைவிடச் சுருக்கு வழி இல்லை.

எச்சிலை விழுங்காமல் வடியவிடுவது, குரல் கம்முவது, மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற சத்தம், ரத்த வாந்தி, நெஞ்சு வலி, இவற்றில் எது இருந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஆனால் இவை இல்லையென்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. வாயில் ஒரு கொப்புளமும் இல்லாத குழந்தைக்கு உணவுக்குழாய் வெந்திருக்கக் கூடும். வாயைத் திறந்து பார்த்து, "ஒண்ணுமில்ல" என்று முடிவு செய்யும் இடத்தில்தான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்க்கத் தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி செய்வார்கள். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் செய்துவிடுவது வழக்கம். முதல் சில நாட்கள் கடந்தால் புண்பட்ட திசு மிகவும் நொய்ந்துவிடும். கருவியை உள்ளே விடுவதே ஆபத்தாகும். புண்ணின் ஆழத்தைத் தரம் பிரிக்க உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலை 1991-ல் வெளியிட்டவர்கள் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையின் சர்கார் குழுவினர். அந்தத் தரத்தைப் பார்த்துத்தான் குழந்தை நாளையே பால் குடிக்கலாமா, குழாய் வழி உணவா என்று முடிவாகிறது.

ஆழமான புண் என்றால், வீடு திரும்பியதும் கதை முடிவதில்லை. குழந்தை ஓரளவு சாப்பிடத் தொடங்கிவிடும். வீட்டில் நிம்மதி வந்துவிடும். மூன்றாவது வாரம் வாக்கில் புண் ஆறி, தழும்பு இறுகி, உணவுக்குழாய் குறுகத் தொடங்கலாம். முதலில் இட்லி தொண்டையில் நிற்கும், பிறகு குழைந்த சோறு, கடைசியில் பால்கூட இறங்காது. அமிலம் இரைப்பையின் அடிவாயைச் சுருக்கியிருந்தால் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வரும். சாப்பாட்டுக்கு அடம்பிடிக்கிறது என்று அதட்டாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரம் அது. குறுகிய குழாயைப் பலமுறை விரித்துவிட வேண்டியிருக்கும். சில குழந்தைகளுக்கு இது ஆண்டுக்கணக்கில் நீளும்.

காஸ்டிக் சோடா குடித்த அமெரிக்கக் குழந்தைகளின் உணவுக்குழாயை இப்படி விரித்து விரித்து மனம் நொந்தவர்தான் மருத்துவர் செவாலியர் ஜாக்சன். இத்தகைய பொருட்களில் 'விஷம்' என்று அச்சிட வேண்டும் என அவர் பல ஆண்டுகள் போராடினார். 1927-ல் அது அங்கே சட்டமானது. நம் வாசலில் வந்து நிற்கும் வண்டியில் இன்றும் ஆசிட் பெயரோ எச்சரிக்கையோ இல்லாத தண்ணீர் பாட்டிலில் விற்கப்படுகிறது. தண்ணீர் பாட்டில் என்றால் குடிப்பதற்கு என்றுதான் இரண்டு வயதுக் குழந்தைக்குத் தெரியும்.

அப்படி ஒரு பாட்டில் உங்கள் குளியலறையில் இருந்தால், இனி அதில் வாங்காதீர்கள். லேபிள் உள்ள, மூடியை அழுத்தித் திருகினால் மட்டும் திறக்கும் பாட்டிலில் வாங்கி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். 1800 116 117 என்ற எண்ணை வீட்டில் உள்ள எல்லோருடைய போனிலும் இன்றே பதிந்து வையுங்கள், பாட்டியின் போனிலும்.