காசு போகும் பாதை – 14: 16-வது இலக்கம்

சென்ற வாரம் காசோலையின் அடியில் ஓடும் எண் வரிசையில் நின்றோம். விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். வேலையை விட்டபின் சம்பளக் கணக்கு என்ன ஆகும் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு வாசகியின் கடிதம் குறுக்கே வந்துவிட்டது. முதல் வேலை. சம்பளம் போட வங்கி விவரம் அனுப்பச் சொல்கிறது நிறுவனம். “அக்கவுண்ட் நம்பரை எல்லாம் யாருக்கும் கொடுக்கக் கூடாதும்மா” என்கிறாராம் அப்பா. “யார் சொல்வதைக் கேட்பது சார்?”

நிறுவனத்துக்குத் தேவை மூன்றுதான். வங்கியில் பதிவான பெயர், கணக்கு எண், கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடு. இவற்றுக்குச் சாட்சியாக ஒரு கேன்சல்டு செக், அல்லது பாஸ்புக் முதல் பக்கத்தின் நகல். ஐஎஃப்எஸ்சி 11 எழுத்துகள் கொண்டது. ஐந்தாவது இடத்தில் இருப்பது பூஜ்யம். ஆங்கில ‘ஓ’ என்று நினைத்து அடிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். உங்கள் வங்கி இன்னொன்றோடு இணைந்திருந்தால் பழைய பாஸ்புக்கில் உள்ள குறியீட்டை நம்பாதீர்கள். கிளையில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இந்த மூன்றில் மிக முக்கியமானது பெயர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குத்தான் மதிப்பு குறைவு. மின்னணு வழியில் வரும் பணத்தைக் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று 2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டிய கட்டாயம் பணம் பெறும் வங்கிக்கு இல்லை. எண்ணைச் சரியாகக் கொடுப்பது அனுப்புகிறவர் பொறுப்பு. பெறுபவர் பெயரை முன்கூட்டியே திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் கொண்டுவரும்படி வங்கிகளுக்கு உத்தரவானது. ஆனால் அது காட்டும், அவ்வளவுதான். பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் அனுப்புகிறவர்.

ஆக, எல்லாம் அந்த எண்ணில் இருக்கிறது. அந்த எண் சம்பளப் பிரிவின் மேசையில் எங்கே போய் உட்காருகிறது? பெரும்பாலும் ஒரு எக்செல் தாளில். இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதி இதுதான்.

எக்செல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களைத்தான் சரியாக வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் வருவதைப் பூஜ்யமாக்கிவிடும். பஞ்சாப் நேஷனல், கரூர் வைஸ்யா போன்ற வங்கிகளில் கணக்கு எண் 16 இலக்கம். உங்கள் எண் 1234567890123456 என்று வைத்துக்கொள்வோம். சம்பளப் பிரிவு ஊழியர் அதைச் சாதாரணக் கட்டத்தில் அடித்து என்டர் தட்டுகிறார். திரையில் 1.23457E+15 என்று தெரிகிறது. கட்டத்தை எண் வடிவத்துக்கு மாற்றி விரிக்கிறார். இப்போது அங்கே இருப்பது 1234567890123450. கடைசி 6 போயே போய்விட்டது. எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. அதன்பின் கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றினாலும் அந்த 6 திரும்பி வராது. அடிப்பதற்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும். பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்களுக்கு வேறு தலைவலி. முன்னால் உள்ள பூஜ்யங்களை அது சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

மாத இறுதியில் என்ன நடக்கும்? அப்படி ஒரு கணக்கே இல்லையென்றால் நல்லது. பணம் நிறுவனத்துக்கே திரும்பிவரும், ஓரிரு நாள் தாமதத்தோடு சம்பளம் கிடைத்துவிடும். அந்த எண்ணில் யாரோ ஒருவருக்குக் கணக்கு இருந்தால்தான் வம்பு. உங்கள் சம்பளம் அவருக்கு வரவாகிவிடும். நிறுவனம் தன் வங்கிக்கு எழுத, அது எதிர்வங்கிக்கு எழுத, அவர்கள் அந்தக் கணக்குக்காரரைத் தேடிச் சம்மதம் கேட்க வேண்டும். அவர் அதற்குள் பணத்தை எடுத்துச் செலவழித்திருந்தால் கதை நீளும்.

எனவே வாசகிக்கு ஒரு வேலை. முதல் சம்பளச் சீட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறிய எண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்லி, பாஸ்புக்கோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். 16 இலக்கக் கணக்காக இருந்து, உங்களுடையது பூஜ்யத்தில் முடியாதபோது அங்கே மட்டும் பூஜ்யத்தில் முடிந்தால், எக்செல்லின் கைவரிசை என்று புரிந்துகொள்ளலாம். கேன்சல்டு செக் கேட்பதும் இதற்காகத்தான். அச்சடித்த எண்ணை இன்னொருவர் பார்த்துச் சரிபார்க்கலாம்.

இனி அப்பாவின் பயத்துக்கு வருவோம். அதற்கு ஓர் ஆங்கிலேயக் கதை இருக்கிறது. 2007 நவம்பரில் பிரிட்டன் அரசு இரண்டரைக் கோடிப் பேரின் விவரங்கள் அடங்கிய இரண்டு குறுந்தட்டுகளைத் தொலைத்துவிட்டது. நாடே பதறியபோது, கார் நிகழ்ச்சியால் புகழ்பெற்ற ஜெரமி கிளார்க்சன் இதெல்லாம் வீண் கூச்சல் என்றார். எண்ணைத் தெரிந்துகொண்டு கணக்கில் பணம் போடத்தான் முடியும், எடுக்க முடியாது என்று சொல்லி, தன் கணக்கு எண்ணையும் கிளைக் குறியீட்டையும் ‘தி சன்’ நாளிதழில் அச்சிட்டே காட்டினார். 2008 ஜனவரியில் தன் கணக்கைப் பார்த்தபோது 500 பவுண்டு குறைந்திருந்தது. யாரோ ஒரு வாசகர் அவர் பெயரில் ‘டயபடீஸ் யுகே’ என்ற தொண்டு அமைப்புக்குத் தானாகப் பணம் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டார். அது யார் என்று சொல்ல முடியாது, தகவல் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது என்று வங்கி கைவிரித்தது! தான் சொன்னது தவறு என்று கிளார்க்சன் ஒப்புக்கொண்டார்.

அவர் தோற்றது பிரிட்டனின் முறையால். அங்கே கையெழுத்தில்லாமலே, இரண்டு எண்களைச் சொல்லி ‘டைரக்ட் டெபிட்’ தொடங்க முடிந்தது. தவறாகப் போன பணத்தைத் திருப்பித்தரும் உத்தரவாதமும் அதற்கு உண்டு. நம் ஊரில் அப்படி மாதாமாதம் பணம் பிடிக்க வேண்டுமென்றால் ‘நாச்’ ஆணைப் படிவத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் நெட்பேங்கிங், டெபிட் கார்டு, ஆதார் இவற்றில் ஒன்றின் வழியாக நீங்களே ஒப்புதல் தர வேண்டும். வெறும் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் வைத்துக்கொண்டு ஒருவர் செய்யக்கூடியது, பணம் போடுவதுதான்.

இப்போது கேன்சல்டு செக்கைக் கையில் எடுங்கள். குறுக்கே இரண்டு கோடுகள், நடுவில் CANCELLED. அடியில் உள்ள எண்கள் மறையக் கூடாது. கையெழுத்து மட்டும் போடவே போடாதீர்கள். கணக்கு எண்ணும் உங்கள் கையெழுத்தும் ஒரே தாளில் இருந்தால், ஆணைப் படிவத்துக்குத் தேவையான இரண்டையும் நீங்களே தட்டில் வைத்துக் கொடுத்ததாகும். “கையெழுத்து இல்லாம செல்லாதுங்க” என்று எந்த அலுவலகத்தில் சொன்னாலும் பாஸ்புக் நகலைக் கொடுத்துவிட்டு வாருங்கள். எழுதுவது உங்கள் பேனாவாகவும் இருக்கட்டும். அழியும் மை நிரப்பிய பேனாவை நீட்டி ஏமாற்றிய ஏஜென்டுகளைப் பற்றிப் போலீஸ் செய்திகள் நிறைய வந்திருக்கின்றன.

அட்டை எண், அதன் பின்பக்க மூன்று இலக்கம், ஓடிபி, யூபிஐ பின், நெட்பேங்கிங் கடவுச்சொல் ஆகியவை சம்பளம் போட எந்த நிறுவனத்துக்கும் தேவைப்படாது. ஏடிஎம் அட்டையையோ சிம்மையோ கேட்கிறவர் முதலாளி இல்லை. உங்கள் கணக்கைத் திருட்டுப் பணம் கடத்த வாடகைக்கு எடுப்பவர். “உங்க சம்பளம் நிக்குது, கணக்கு 3456-ல முடியுதுல்ல?” என்று போனில் ஒருவர் சரியாகச் சொன்னாலும் மயங்க வேண்டாம். அந்த எண் பலரிடம் இருக்கக்கூடியது. அவர் அடுத்து கேட்கப்போகும் ஓடிபிதான் உங்களிடம் மட்டும் இருப்பது.

ஆக, அப்பாவிடம் சொல்லுங்கள்: எண்ணைக் கொடுக்கலாம், வாட்ஸ்அப் குழுவில் போடாமல் நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பலாம். சம்பளக் கணக்கில் மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் குறைந்தபட்ச இருப்பு விவகாரம் எப்படித் தலைதூக்கும் என்பதற்கு இடமே இல்லாமல் போய்விட்டது. அடுத்த வாரம்.